அதே பேட்டரி ஆன்லைனில் 2,510 ரூபாய் குறைவு என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார், என்ன பதில் போடுவது?

கரூர்_இன்வெர்ட்டர்:
எல்லோருக்கும் வணக்கம். கரூர் பக்கம் இன்வெர்ட்டர், பேட்டரி, ஃபேன் விற்கும் சின்னக் கடை என்னுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் கரண்ட் போனால் அரை மணி நேரம்கூட இன்வெர்ட்டர் தாங்குவதில்லை. நானே போய்ப் பார்த்தேன். இன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் போய்விட்டது. 150 ஆம்பியர்-ஹவர் டால் டியூபுலர் பேட்டரி ஒன்றுக்கு, மாடியில் கொண்டுபோய் மாட்டித் தருவது சேர்த்து 16,200 சொன்னேன். பழைய பேட்டரியைக் கொடுத்தால் 2,600 கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். சரி என்றார்.

இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். அதே கம்பெனி, அதே பேட்டரி, 13,690 ரூபாய். கீழே ஒரே வரி: "தம்பி, இங்கே இந்த விலைக்குக் கிடைக்கிறதே, நீங்கள் ஏன் 16,200 சொன்னீர்கள்?"

நான் கொள்முதல் செய்ததே ஜிஎஸ்டி சேர்த்து 14,150. அவர் காட்டும் விலை அதற்கும் கீழே. ஏமாற்றப் பார்த்தேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது, தெருவில் தினமும் பார்க்கிற மனிதர். காலையில் பதில் அனுப்ப வேண்டும். இந்த மாதிரி ஸ்கிரீன்ஷாட் வரும்போது நீங்கள் எல்லாம் என்ன எழுதுகிறீர்கள்?

மதுரை_எலக்ட்ரிகல்ஸ்:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? "சார், ஆன்லைனில் வருவது கம்பெனி கழித்துவிட்ட செகண்ட்ஸ் சரக்கு, வாரண்டி கிடைக்காது, நாளைக்கு பேட்டரி போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்" என்று போடுங்கள். எங்கள் கடையில் பாதிப் பேர் இதைக் கேட்டதும் திரும்பி வந்துவிடுவார்கள். விலையை மட்டும் குறைக்காதீர்கள். ஒரு தடவை குறைத்தால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:
மதுரைத் தம்பி சொன்னதில் கடைசிப் பகுதியில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதல் பகுதியை எழுதவே எழுதாதீர்கள். பேட்டரி கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் வெகுகாலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆன்லைனுக்கென்று தனியாக செகண்ட்ஸ் என்று ஒன்றை யாரும் அனுப்புவதில்லை. வாரண்டியும் அப்படித்தான். கம்பெனி அங்கீகரித்த விற்பனையாளர் ஜிஎஸ்டி பில் போட்டுக் கொடுத்தால், சீரியல் நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து பார்ப்பார். அங்கீகாரம் இல்லாதவரிடம் வாங்கினால் சில கம்பெனிகள் கைவிரித்துவிடும், அது உண்மை. அதற்காக ஆன்லைனில் வாங்கினாலே வாரண்டி இல்லை என்று சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் கையில் நேரம் இருக்கிறது. கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டால் உங்கள் சொல் பொய் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

கரூர்த் தம்பி, பதில் எழுதுவதற்கு முன்னால் நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து பணம் கட்டும் இடம் வரைக்கும் போய்ப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துப் பேசாதீர்கள்.

மாடல் நம்பரை கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பேட்டரியில் ஆம்பியரும் பெட்டியின் நிறமும் ஒன்றாக இருக்கும், கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் மாறும். அந்த எழுத்தில்தான் வாரண்டி இருக்கிறது. ஒன்று 36 மாதத்தோடு முடியும். இன்னொன்று 60 மாதம், அதில் முதல் 36 மாதம் முழுசாக மாற்றித் தருவார்கள், மீதி 24 மாதம் புது பேட்டரி விலையில் ஒரு பங்கு கழிவு மட்டும். உள்ளே ஈயத்தின் அளவும் மாறும், அதனால் எடையும் மாறும். பக்கத்தில் எடை போட்டிருந்தால் அதையும் பாருங்கள். இரண்டும் ஒரே எடை, ஒரே வாரண்டி, ஒரே மாடல் என்றால்தான் அது உண்மையிலேயே அதே பொருள்.

அடுத்தது, 13,690 எப்படி வந்தது என்று பாருங்கள். கார்டு தள்ளுபடியைக் கழித்துக் காட்டுகிறார்களா? பழைய பேட்டரியைக் கொடுத்தால் வரும் விலையா? அவர் வீட்டு பின்கோடைப் போட்டால் அனுப்புகிறார்களா? விற்பனையாளர் பெயர் என்ன? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கரூர்_இன்வெர்ட்டர்:
பார்த்துவிட்டேன் ஐயா. மாடல் கடைசி எழுத்து வரை அதேதான். வாரண்டியும் 36 + 24. விற்பனையாளர் பெயர் கம்பெனியின் டீலர் பட்டியலில் இருக்கிறது. அதனால் பொருளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

விலையில்தான் விஷயம் இருக்கிறது. கார்டு இல்லாமல் 14,940. ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் கட்டினால் 1,250 குறைந்து 13,690. பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் இருப்பது அந்தக் குறைந்த விலை. எங்கள் பின்கோடுக்கு அனுப்புகிறார்கள், ஆறு நாள் ஆகுமாம். பழைய பேட்டரியை எங்கள் பகுதியில் எடுப்பதில்லை என்று வருகிறது. மாட்டித் தருவது கிடையாது. டெலிவரி வீட்டு வாசல் வரை. அவர் வீடு முதல் மாடி.

வாங்குகிற_ஆள்_திருச்சி:
நான் கடைக்காரன் இல்லை, வாங்குகிறவன். கடைகளில் இப்படி ஸ்கிரீன்ஷாட் காட்டியிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்து மனநிலையைச் சொல்கிறேன்.

போனை நீட்டும்போது என் மனதில் இருப்பது பெரும்பாலும் சண்டை இல்லை. பக்கத்துக் கடையில் வாங்கத்தான் எனக்கும் விருப்பம். ஏதாவது ஆனால் நேரில் போய்க் கேட்கலாம். ஆனால் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம் ஏன் என்று எனக்குப் புரிய வேண்டும். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் "ஏன் கூடக் கொடுத்து வாங்கினீர்கள்" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. "அது டூப்ளிகேட் சார்" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார், அன்றோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இன்னொருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு "அப்போ அங்கேயே வாங்கிக்கோங்க" என்றார். நானும் அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

ஆசிரியர் "ஏன் 16,200 சொன்னீர்கள்" என்று கேட்டிருக்கிறார். குறைத்துத் தா என்று இன்னும் கேட்கவில்லை. முதலில் அந்த "ஏன்"-க்குப் பதில் சொல்லுங்கள்.

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:
திருச்சிக்காரர் சொன்னது சரியான இடம். இப்போது கணக்கைப் போடுவோம்.

அவர் மனதில் 16,200-க்கும் 13,690-க்கும் நடுவே 2,510 ரூபாய் நிற்கிறது. உங்கள் 16,200-இல் மாடி ஏற்றுவதும் மாட்டுவதும் அடக்கம். அந்த 13,690-இல் அது இல்லை. பழைய பேட்டரி இரண்டு விலையிலும் கணக்கில் வரவில்லை. இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது புது பேட்டரி மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, பழையது வீட்டை விட்டுப் போய்விட்டது, இந்த நிலைக்கு அவர் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று பார்க்க வேண்டும்.

உங்களிடம் 16,200-இல் 2,600 போனால் 13,600.

அங்கே கார்டு இல்லாமல் 14,940. பழையதை காயலான் கடைக்காரர் வந்து எடுத்தால் 2,300 கொடுப்பார் என்று வையுங்கள், உங்கள் ஊர் விலை உங்களுக்குத் தெரியும். எலக்ட்ரீஷியனுக்கும், மாடிக்குத் தூக்கும் ஆளுக்கும் சேர்த்து 500. ஆக 13,140. வித்தியாசம் 460 ரூபாய்தான்.

அந்த வங்கியின் கார்டு அவரிடம் இருந்தால் 11,890 ஆகிவிடும். வித்தியாசம் 1,710. இதையும் மறைக்க வேண்டாம். கார்டு வைத்திருப்பவருக்கு அங்கே உண்மையிலேயே மலிவு.

அப்புறம் உங்கள் பக்கம். 16,200-இல் கொள்முதல் 14,150 போனால் 2,050. அது முழுக்க உங்களுடையது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, 1.18-ஆல் வகுத்தால் 1,737. வண்டி வாடகையும் கூட வரும் பையனின் கூலியும் 250 என்றால் ஏறக்குறைய 1,490. பழைய பேட்டரியை டிஸ்ட்ரிபியூட்டர் உங்களிடம் என்ன விலைக்கு எடுக்கிறார்?

கரூர்_இன்வெர்ட்டர்:
2,900 ஐயா.

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:
அதில் ஒரு 300. சரி, அப்படியானால் உங்களால் 500 இறங்க முடியும். 15,700-க்குக் கொடுத்தால் உள்ளே 1,550 நிற்கும், ஜிஎஸ்டி போக 1,314, வண்டியும் கூலியும் போக 1,064, பழையதில் 300. கடை நடத்த இது போதுமா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் இதற்குக் கீழே போக மாட்டேன். நாளைக்கு வாரண்டியில் அந்தப் பேட்டரியை மாடியிலிருந்து இறக்கிச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும் செலவும் உங்கள் தலையில்தான் விழும், அதை கம்பெனி தராது.

மதுரைத் தம்பி சொன்ன கடைசி விஷயத்துக்கு வருகிறேன். காரணம் சொல்லாமல் இறங்கினால்தான் முதல் விலை பொய்யாகிவிடும். அதனால் ஒரே தடவை, ஒரே எண், காரணத்தோடு சொல்லுங்கள். இருநூறு, முந்நூறு என்று மூன்று மெசேஜில் இறங்கினால் நான்காவது மெசேஜுக்கு அவர் காத்திருப்பார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். நீங்கள் அனுப்பியதை முழுசாகப் பார்த்தேன். நான் சொன்ன பேட்டரியேதான், வாரண்டியும் அதேதான். அந்த 13,690 குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் வரும் விலை. இல்லையென்றால் 14,940. பழைய பேட்டரியை நம் ஊரில் அவர்கள் எடுப்பதில்லை, மாட்டித் தருவதும் இல்லை. நான் 500 குறைத்து 15,700-க்குத் தருகிறேன். பழையதைக் கொடுத்தால் நீங்கள் தர வேண்டியது 13,100. மாடிக்குக் கொண்டுவந்து மாட்டி, உங்கள் முன்னாலேயே வோல்ட் அளந்து பில்லில் எழுதித் தருகிறேன். இதுதான் என்னால் முடிந்த கடைசி விலை. அந்தக் கார்டு உங்களிடம் இருந்தால் அங்கே ஆயிரத்துச் சொச்சம் மலிவாகத்தான் இருக்கும். எதுவானாலும் சொல்லுங்கள் சார்."

இதில் அவர்கள் சரக்கைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கார்டு இல்லாதவருக்கு உங்கள் 13,100-உம் அந்த 13,140-உம் ஒன்றுதான், அதை அவரே கணக்குப் போட்டுப் பார்ப்பார். நீங்கள் போட்டுக் காட்டுவதைவிட அவர் போட்டுப் பார்ப்பது நல்லது, கணக்கு வாத்தியாராக இருந்தால் இன்னும் நல்லது.

கோவை_மொபைல்ஸ்:
நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு 13,690-க்கே கொடுங்கள். ஒரு பேட்டரியில் 460 நஷ்டம், போகட்டும். அந்த ஆசிரியர் நாலு பேரிடம் உங்களைப் பற்றிச் சொல்வார். எங்கள் மொபைல் கடையில் போனை வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டு கவர், கிளாஸ், சார்ஜர் விற்று எடுத்துவிடுவோம்.

கரூர்_இன்வெர்ட்டர்:
அண்ணே, பேட்டரிக்குக் கவர், கிளாஸ் என்று எதுவும் கிடையாது. டிஸ்டில்டு வாட்டர் விற்கலாம், அதில் என்ன நிற்கும்? ஒருவர் வாங்கினால் அடுத்த நாலைந்து வருடத்துக்கு பேட்டரி பக்கமே வர மாட்டார்.

இன்னொரு பயமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நான் எழுதிக் கொடுக்கும் விலை அந்தத் தெரு குரூப்புக்குப் போய்விடும். போன மாதம் அதே தெருவில் இரண்டு வீட்டுக்கு 16,200-க்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வந்து கேட்டால் 500 ரூபாய்க்குப் பதில் சொல்லிவிடலாம், "கார்டு விலையைக் காட்டினார், என்னால் முடிந்ததைக் குறைத்தேன்" என்று. 2,510 ரூபாய்க்கு என்ன சொல்வேன்?

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:
கோவைத் தம்பி சொல்வது மொபைலுக்குப் பொருந்தும், கூடவே விற்க சாமான் இருப்பதால். துணைச் சாமான் இல்லாத தொழிலில் அதே விலைக்குக் கொடுப்பது ஒவ்வொரு தடவையும் கைக்காசுதான்.

செல்வி_ஈரோடு:
எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. நான் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறேன். சூரத்திலிருந்து கேட்லாக் படம் வரும், அதை குரூப்பில் போடுவேன். நான் 1,150 போட்டால் ஒரு அக்கா அதே படத்தை 790 என்று இன்னொரு குரூப்பிலிருந்து எடுத்து அனுப்புகிறார். நானும் மாடல் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தால் போதுமா?

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:
உங்களுடையது வேறு பிரச்சினை அம்மா. பேட்டரியில் சீரியல் நம்பர் இருக்கிறது, அதே பொருள் என்று நிரூபிக்கலாம். கேட்லாக் படத்தில் படம் மட்டும்தான் அதே, துணி அதே என்று யாருக்கும் தெரியாது. சேலை எனக்குத் தெரியாத தொழில், தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சேலம்_ஜவுளி:
செல்வி, சூரத்திலிருந்து வரும் படத்தைப் போடுவதை நிறுத்திவிட்டு, உங்கள் கைக்கு வந்த சேலையை வெயிலில் விரித்து, முந்தானை, உடல், உள்பக்க நூல் மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள். ஒரு பிரபலமான கேட்லாக் வந்தால் அதே டிசைனை மலிவு நூலில் அச்சடித்து, முதல் கேட்லாக்கின் படத்தையே போட்டு விற்கிறார்கள். 790-க்கு அனுப்பும் அக்காவிடம் "உள்பக்கம் ஒரு படம் வாங்கி அனுப்புங்கள் அக்கா, இரண்டையும் பார்த்து உண்மையைச் சொல்கிறேன்" என்று கேளுங்கள். நெய்த பூ என்றால் பின்னால் நூல் ஓடும், அச்சு என்றால் ஓடாது. சில சமயம் 790-உம் அதே சரக்காகவே இருக்கும், அப்போது நீங்கள் வாங்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

மதுரை_எலக்ட்ரிகல்ஸ்:
சரி, டூப்ளிகேட் என்று சொல்வதை விட்டுவிடுகிறேன். ஆனால் என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். நாம் 14,150-க்கு வாங்கும் பேட்டரியை இன்னொரு டீலர் எப்படி 13,690-க்கு விற்கிறான்? கம்பெனிக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, இந்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்று உத்தரவு போடச் சொன்னால் என்ன?

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:
13,690-க்கு அவர் விற்கவில்லை தம்பி, 14,940-க்கு விற்கிறார். அந்த 1,250 அவர் பையிலிருந்து போவது அரிது. வங்கியும் ஆன்லைன் தளமும், சில சமயம் கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்ளும். 14,940-க்கு விற்று அவருக்குக் கட்டுபடியாவது எப்படி என்றால், அவர் ஒரு தடவைக்கு இருநூறு முந்நூறு எடுப்பார், நீங்கள் பத்து எடுப்பீர்கள். அளவுக்கு ஏற்ப விலை. அதற்கு மேல் காலாண்டு டார்கெட் முடித்தால் கம்பெனியிடமிருந்து கழிவாக கிரெடிட் நோட் வரும், அதை முன்கூட்டியே கணக்கில் வைத்து விற்பார்கள். மார்ச் கடைசியில் டார்கெட்டுக்குக் கொஞ்சம் குறைந்தால் கொள்முதல் விலைக்கே தள்ளிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

உத்தரவு போடுவது அவ்வளவு சுலபம் இல்லை. குறைந்தபட்ச விலையை டீலர்கள் மேல் கட்டாயமாக்கி, அதனால் சந்தையில் போட்டி கெட்டால் 2002-ஆம் வருடப் போட்டிச் சட்டத்துக்கு விரோதமாகும். டீலர்கள் இவ்வளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுசுகிக்கு 2021-இல் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் மாதிரி ஆள் அனுப்பி, எந்த டீலர் கூடத் தள்ளுபடி தருகிறார் என்று பார்த்தார்கள் என்பதும் அந்த வழக்கில் வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது, அது வேறு கதை.

ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை உங்கள் ஏரியா மேனேஜருக்கு அனுப்புவதில் தப்பில்லை. "இந்த விலைக்குப் போகிறது, என் கையில் ஆறு பேட்டரி இருக்கிறது, எனக்கு என்ன ஆதரவு தருவீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். தள்ளுபடிக்கு கிரெடிட் நோட் தருவது கம்பெனியின் கையில் இருக்கிறது. கேட்காதவருக்கு வராது.

கரூர்_இன்வெர்ட்டர்:
ஐயா எழுதியதை அப்படியே அனுப்பினேன். "இதுதான் என்னால் முடிந்த கடைசி விலை" என்பதை மட்டும் கொஞ்சம் தணித்துப் போட்டேன், பெரியவர் என்பதால்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. ரொம்ப நல்ல மாதிரியாகப் பேசினார். "தம்பி, விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. அந்த பேங்க் கார்டு என் மைத்துனனிடம் இருக்கிறது, அவன் போட்டுத் தருகிறேன் என்கிறான். ஆயிரம் ரூபாய் என் பென்ஷனில் பெரிய தொகை. தப்பாக நினைக்காதே. பேட்டரி வந்ததும் நீயே வந்து மாட்டிக் கொடு, பழையதையும் நீயே எடுத்துக்கொள்" என்றார்.

விற்பனை போய்விட்டது. மாட்டப் போவதா வேண்டாமா என்று இப்போது யோசிக்கிறேன்.

மதுரை_எலக்ட்ரிகல்ஸ்:
போகாதீர்கள். இதற்குத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். கார்டு விலை மலிவு என்று நீங்களே எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு, இப்போது மாடி ஏறி மாட்டியும் கொடுப்பீர்களா? ஆன்லைனில் வாங்கியவர் ஆன்லைனில் ஆள் பிடித்துக்கொள்ளட்டும்.

வாங்குகிற_ஆள்_திருச்சி:
அந்த வரி இல்லாவிட்டாலும் மைத்துனரிடம் கார்டு இருக்கத்தான் போகிறது. எழுதியதால்தான் அவர் போன் போட்டு உங்களிடமே திரும்பி வந்திருக்கிறார்.

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:
போங்கள். ஆனால் சும்மா போகாதீர்கள். மாட்டுவதற்கு 500 என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பில் போடுங்கள். பழையதை 2,600-க்கு எடுங்கள், காயலான் கடைக்குப் போக வேண்டாம். சில கடைகளில் அதை உடைத்து ஆசிடைச் சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி அது முறையாகச் சேகரிப்பவரிடம்தான் போக வேண்டும். உங்களிடம் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் போய்விடும். 800 ரூபாய் உங்கள் கைக்கு வரும், போன மார்ஜினில் ஒரு பகுதி திரும்பிவிடும்.

மாட்டும்போது ஒன்று முக்கியம். பெட்டியைப் பிரித்ததும் ஆசிட் கசிந்திருக்கிறதா, மூடிகள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, கூரியரில் படுக்க வைத்திருந்தால் தெரிந்துவிடும். அப்புறம் பெட்டியில் குத்தியிருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். இன்வெர்ட்டரில் இணைக்கும் முன்னால் மல்டிமீட்டரை வைத்து அளந்து அவரிடம் காட்டுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே வந்தால் பல மாதம் சார்ஜ் இல்லாமல் குடோனில் கிடந்த சரக்காக இருக்கலாம். அப்படி ரொம்ப நாள் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்துவிடும், அதன் பிறகு முழுத் திறன் திரும்புவது சந்தேகம். அந்த நிலையில் மாட்டாதீர்கள். தேதி தெரிய, மீட்டர் தெரிய ஒரு படம் எடுத்துக் கொடுத்து, திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் மாட்டிய பிறகு பிரச்சினை என்றால் "லோக்கல் ஆள் மாட்டியதால்தான்" என்று அவர்கள் சொல்வார்கள்.

தேனி_சர்வீஸ்:
மேனேஜர் ஐயா சொன்ன கடைசி வரிக்காகத்தான் நான் இப்போதெல்லாம் ஆன்லைன் பேட்டரி மாட்டப் போவதில்லை. மாட்டிக் கொடுத்த ஒரு வீட்டில் ஏழெட்டு மாதம் கழித்து பேட்டரி போனபோது, கம்பெனி ஆள் வந்து டெர்மினல் சரியாக இறுக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். நான் இறுக்கியது எனக்குத் தெரியும், நிரூபிக்க வழி இல்லை. 500 ரூபாய்க்கு 15,000 ரூபாய் பொறுப்பை ஏன் தலையில் ஏற்ற வேண்டும்?

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:
அதற்குத்தான் படம் எடுக்கச் சொன்னேன். மாட்டி முடித்த டெர்மினலையும், அரை மணி நேரம் லோடில் ஓடிய பிறகு வோல்டையும் எடுத்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் தேதியோடு பதிவு இருக்கும்.

தேனி_சர்வீஸ்:
படத்தைக் கம்பெனி ஆள் ஏற்க வேண்டுமே ஐயா. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கரூர்_இன்வெர்ட்டர்:
இரண்டு பக்கமும் புரிகிறது. பெரியவரிடம் பேசிவிட்டேன். பேட்டரி வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். முதலில் தேதியும் வோல்டும் பார்ப்பேன், சரியாக இருந்தால் மட்டும் மாட்டுவேன், மாட்ட 500, பழையதற்கு 2,600 என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார். "மாட்டிய வேலைக்கு மட்டும் பொறுப்பு" என்று பில்லில் எழுதுகிறேன். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று தேனி அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டை ஏரியா மேனேஜருக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டார், இன்னும் பதில் இல்லை.

தேனி_சர்வீஸ்:
பில்லில் எழுதும்போது சீரியல் நம்பரையும், மாட்டும் முன் இருந்த வோல்டையும் சேர்த்து எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் அன்று வாங்கவில்லை என்பதால் சொல்கிறேன். கையெழுத்து இருந்தாலும் கம்பெனி என்ன சொல்லும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.